அப்பாவின் காற்புண்: இரண்டு படங்கள்

மகள் எடுத்த முதல் படத்தில் சர்க்கரை நோயாளியான அப்பாவின் உள்ளங்காற்புண் மேலோட்டமாகவும், அடிப்பரப்பு இளஞ்சிவப்பாகவும், கட்டுத்துணியில் தெளிந்த நீர் சிறிதளவாகவும் இருந்ததால், அந்தக் காலை ஊன்றாமல் மறுநாளே மருத்துவரிடம் காட்டுவது போதுமானது.

நான்கு நாள் கழித்து எடுத்த இரண்டாம் படத்திலோ விளிம்பு கறுத்து, குழிக்குள் வெண்ணிறமாக எலும்போ தசைநாரோ தெரிந்து, நாற்றமுள்ள மஞ்சள் சீழ் வடிந்து, சிவப்பு நிறம் புண்ணைத் தாண்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தது. இந்நிலையில், காய்ச்சல் இல்லாவிட்டாலும், அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி இல்லை என்று அப்பா சொல்வதை நம்ப முடியாது, ஏனெனில் நரம்புகள் மரத்துப்போயிருக்கலாம். முதல் படத்தையும் முழுமையாக நம்பலாகாது. தடித்த தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் ஆழம் படத்தில் தெரியாது, கருமையான தோலில் சிவப்பும் எளிதில் புலப்படாது என்பதால், புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டு வெப்பத்தை ஒப்பிட வேண்டும்.