வாட்டும் மாடிப் போர்டுக்கு 6 கிலோ அம்பியரா, 10 கிலோ அம்பியரா?

மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் மாடிக்கென்று தனியாக ஒரு போர்ட் இருக்கும். வாட்டும் தொட்டிகளின் விசிறி மோட்டார்களும் மாடியின் விளக்குகளும் அதில்தான் தொங்கும். பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் புதியது போடும்போது ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கடைக்குப் போனால் முதலில் கையில் கிடைப்பது 6 கிலோ அம்பியர் எம்.சி.பி, அதாவது சின்னப் பிரேக்கர். முகப்பில் சின்னச் சதுரப் பெட்டிக்குள் 6000 என்று அச்சிட்டிருக்கும்; அந்தப் பிரேக்கர் உடைத்து நிறுத்தக்கூடிய ஆகக் கூடிய ஷோர்ட் சர்க்கிட் கரண்ட் அது, அம்பியரில். பக்கத்துத் தட்டில் 10000 போட்டது கொஞ்சம் கூடிய விலையில் இருக்கும். மூன்றாவது வழியும் உண்டு: மாடியில் 6000 பிரேக்கர்களையே போட்டு, கீழே மெயின் போர்டில் அதற்குக் காவலாக எம்.சி.சி.பி என்ற பெரிய பிரேக்கர் ஒன்றை வைப்பது. மூன்றில் எது சரி என்பதை அந்த இடத்தில் ஷோர்ட் சர்க்கிட் ஆனால் எவ்வளவு கரண்ட் பாயும் என்ற கணக்குதான் சொல்லும்.

ஓர் உதாரணம். 400 கேவிஏ ட்ரான்ஸ்ஃபோமர், பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் 4%, வெளியே 400 வோல்ட். இதன் முழு லோட் கரண்ட் 577 அம்பியர். அதை 0.04 ஆல் வகுத்தால் 14.4 கிலோ அம்பியர். ட்ரான்ஸ்ஃபோமர் வாயிலேயே ஷோர்ட் ஆனால் வரக்கூடியது இது. ட்ரான்ஸ்ஃபோமருக்கு வரும் மின்லைனின் இம்பீடன்ஸை இதில் சேர்க்கவில்லை. மலையில் அந்த லைன் நீளமாக இருப்பதால் உண்மை அளவு இன்னும் குறையும், ஆகவே விட்டுவிடுவது பாதுகாப்பான பக்கம்தான்.

14.4ஐப் பார்த்துவிட்டு 6உம் போதாது, 10உம் போதாது என்று முடிவுகட்டத் தேவையில்லை. மெயின் போர்டிலிருந்து மாடிக்கு 30 மீட்டர், 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போகிறது. அதன் தடை 15.7 மில்லி ஓம், ரியாக்டன்ஸ் 2.4. ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தடை 4.6, ரியாக்டன்ஸ் 15.3. இடையிலுள்ள தடித்த மெயின் கேபிளுக்கு 0.7உம் 0.6உம். தடைகளைத் தனியாகக் கூட்டினால் 21.0, ரியாக்டன்ஸைத் தனியாகக் கூட்டினால் 18.3. அப்புறம்தான் இரண்டையும் சேர்த்து, ஃபேஸ் வோல்டேஜான 231ஐ அதனால் வகுக்க வேண்டும்:

```
Z = √(21.0² + 18.3²) = 27.9 mΩ
I = 231 / 27.9 = 8.3 kA
```

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வர்க்கம், வர்க்கமூலம் எல்லாம் எதற்கு என்று 21.0ஐயும் 18.3ஐயும் நேராகக் கூட்டினால் 39.3 மில்லி ஓம், கரண்ட் 5.9 கிலோ அம்பியர். 6000 பிரேக்கர் மயிரிழையில் தேறிவிட்டதுபோலத் தெரியும். கடைக்காரர் கொடுத்ததும் அதுதான், கணக்கும் ஒத்துவருகிறது என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கணக்கின் விடை பிரேக்கரின் எல்லைக்கு இவ்வளவு கிட்ட வந்தால் நான் கணக்கை மறுபடி முதலிலிருந்து போடுவேன்.

கேபிள் தடையை 20 பாகை சூட்டுக்கு எடுத்திருக்கிறேன். வேலை செய்து சூடேறிய கேபிளுக்கு, 70 பாகையில், கணக்கு 7.6க்கு இறங்கிவிடும். ஆனால் பிரேக்கரைச் சோதிக்கத் தேவைப்படுவது ஆகக் கூடிய கரண்ட். அது கேபிள் குளிர்ந்திருக்கும்போது வருவது. நுவரெலியாப் பக்கத்து விடியற்காலைக் குளிரில் மெயின் சுவிட்சைப் போட்டவுடன் ஷோர்ட் ஆவதை நினைத்துப் பாருங்கள். இன்னும் வோல்டேஜ் கூடியிருக்கலாம் என்று 5% சேர்த்தால் 8.7. அதே போர்டில் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற விசிறி மோட்டார்களும் ஷோர்ட் ஆன கணத்தில் கொஞ்சம் கரண்டைத் திருப்பித் தள்ளும். 7.5 கிலோவாட் மோட்டார் மூன்று ஓடினால் அது கால் கிலோ அம்பியர் அளவுக்கு வரும். ஆக, மாடிப் போர்டுக்கு 9 கிலோ அம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கு 6000 எம்.சி.பி போதாது. விளக்குகளுக்கு? அந்த ஷோர்ட் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில். கரண்ட் கேபிள் வழியே போய் நியூட்ரல் வழியே திரும்ப வேண்டும். கேபிள் தூரம் இரட்டிப்பாவதால் 5.4 கிலோ அம்பியர்தான், 5% சேர்த்தாலும் 5.7. எழுத்தின்படி 6000 இங்கே போதும். ஆனால் ஒரே போர்டில் இரண்டு விதமான பிரேக்கரை வைக்க எனக்கு மனமில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு விசிறி பிரேக்கர் பழுதானால், அவசரத்தில் விளக்கு வரிசையில் சும்மா கிடக்கும் 6000 பிரேக்கர்களைக் கழற்றி விசிறிக்கு மாட்டிவிடுவார்கள். தன் எல்லைக்கு மேல் உடைக்கப் போன பிரேக்கர் எப்படி ஆகும் தெரியுமா? தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் உறையின் மூட்டு பிளந்து பக்கத்திலுள்ளவற்றின் மேலும் கரி படியும்.

மூன்றாவது வழி, அதாவது 6000ஐ எம்.சி.சி.பியின் காவலில் விடுவது, தாளில் அழகாக இருக்கிறது. எம்.சி.சி.பியும் சேர்ந்து உடைப்பதால் எம்.சி.பியின் சுமை குறையும். ஆனால் அது எந்த ஜோடிக்கு எத்தனை கிலோ அம்பியர் வரை என்பதை உற்பத்தியாளர் சோதித்து வெளியிட்ட அட்டவணை மட்டும்தான் சொல்லும். நாமாகக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. வேறு கம்பனி எம்.சி.பி ஒன்றை மாட்டிய நாளிலிருந்து அந்த அட்டவணை செல்லாது. டவுனில் அன்று எது இருக்கிறதோ அதை வாங்கி மாட்டும் இடத்தில் இதை நம்ப முடியுமா? இன்னொன்று, ஒரு விசிறியில் ஷோர்ட் என்றால் கீழேயுள்ள எம்.சி.சி.பியும் சேர்ந்து விழலாம். அப்போது எல்லாத் தொட்டிக்கும் காற்று நின்றுவிடும். தொட்டியில் நிறைந்து கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவக்கத் தொடங்கும்.

ஆகவே இந்த மாடிக்கு 10000 தான். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டுப் பிரேக்கர்களுக்கான ஐஇசி 60898 தரத்தில் 10000 என்பது உடைத்துக் காட்ட வேண்டிய உச்சம். உடைத்த பிறகும் தொடர்ந்து வேலை செய்யத் தகுதியான அளவு, Ics என்பது, அதில் முக்கால்தான்: 7500. நம் 9 அதற்கு மேலே. போர்டுக்குக் கிட்டவே ஒரு பெரிய ஷோர்ட் நடந்தால் 10000 பிரேக்கர் அதைப் பாதுகாப்பாக உடைக்கும், ஆனால் அதைத் திரும்பப் போட்டு ஓட்டாமல் மாற்றிவிட வேண்டும். மோட்டார் பக்கத்து ஷோர்ட்டுக்கு அந்தப் பயம் குறைவு, நடுவில் வயர் நீளம் இருக்கிறது.

மீட்டர் வைத்து அளந்தால் போதாதா என்று கேட்பார்கள். சாதாரண லூப் டெஸ்டரின் கடைசி இலக்கம் 0.01 ஓம். இந்த மாடியில் ஃபேஸ்-நியூட்ரல் லூப் ஏறக்குறைய 0.043 ஓம். 0.04 என்று காட்டினால் 5.8 கிலோ அம்பியர், 0.05 என்று காட்டினால் 4.6. ஓர் இலக்கம் புரள்வதில் ஒரு கிலோ அம்பியருக்கு மேல் போய்விடுகிறது. அத்தோடு அது மூன்று ஃபேஸ் ஷோர்ட்டை அளப்பதும் இல்லை. ட்ரான்ஸ்ஃபோமருக்குக் கிட்ட இருக்கும் போர்டுகளில் கணக்கை நம்புகிறேன், மீட்டரைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

10000க்கும் ஒரு கெடு உண்டு. புது ரோலர் போட்டு, ட்ரான்ஸ்ஃபோமரை 630 கேவிஏக்கு மாற்றினால், மாடிக் கேபிளைத் தொடாமலேயே மாடியின் கரண்ட் 8.3இலிருந்து 10.1க்கு ஏறிவிடும், 5% சேர்த்தால் 10.6. அன்றைக்கு 10000 பிரேக்கர்கள் எல்லாமே குறைந்தவை. அதனால் போர்டின் கதவுக்குள்ளே கணக்கிட்ட கரண்டையும், எந்த ட்ரான்ஸ்ஃபோமருக்குக் கணக்கிட்டது என்பதையும் அழியாத மையில் எழுதி வைக்கிறேன்: 400 கேவிஏ, 4%, 9 கிலோ அம்பியர்.