ஏழு வயதுக்கு மேல் பிள்ளை யாரிடம்? ஹனஃபியும் ஷாஃபியும்

கும்பகோணம், பாபநாசம் பக்கத்து ராவுத்தர் ஊர்களில் மார்க்கச் சட்ட வழியான மத்ஹப் ஹனஃபி. கடற்கரைப் பக்கம் அதிராம்பட்டினம், நாகூர் என்று போனால் ஷாஃபிகள் அதிகம். சம்பந்தம் பேசும்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரியும்போதுதான் கிதாபைத் தேடுகிறோம். எங்கள் அக்கா மகள் விஷயத்தில் அதுதான் நடந்தது. அவள் கடற்கரைக்காரி, மாப்பிள்ளை கும்பகோணம் பக்கம். மீட்க முடியாத தலாக். பையனுக்கு 6 வயது, பெண்ணுக்கு 8. ஜமாஅத்தில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதும்போது, எந்த மத்ஹபின்படி எழுதுவது என்ற கேள்வி வந்தது.

சின்னப் பிள்ளை தாயிடம்தான் என்பதிலும், செலவு தகப்பன் தலையில் என்பதிலும் தகராறே இல்லை. தாய் வேற்றாளை மறுமணம் செய்தால் உரிமை போகும் என்பதையும் இரு மத்ஹபும் சொல்கின்றன. (ஹனஃபியில் புதுக் கணவர் பிள்ளைக்குச் சிறிய தகப்பனார் போன்ற மணமுடிக்கத் தகாத மஹ்ரமான உறவாக இருந்தால் போகாது.) பிரச்சினை ஏழு வயதுக்கு மேல்தான்.

ஹனஃபியில் கோடு போட்டாற்போல முடிவு. பையன் ஏழு வயதுவரை தாயிடம், பிறகு தகப்பனிடம். பெண் பருவமடையும்வரை தாயிடம். ஒன்பது வயதோடு நிறுத்துபவர்களும் உண்டு. பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. இதன்படி எழுதியிருந்தால் அடுத்த வருடமே பையன் கும்பகோணம் பக்கம், பெண் கடற்கரையில். வேறு உடன்பிறப்பு இல்லாத அந்த ரெண்டு பிள்ளைகளையும் அப்படிப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஷாஃபியில் பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும், சுமார் ஏழு வயதில், தாயா தகப்பனா என்று பிள்ளையே சொல்ல வேண்டும். பையன், பெண் இருவருக்கும் அதே விதி. ஒருமுறை சொன்னதோடு முடிவதும் இல்லை. மனம் மாறினால் மாற்றிச் சொல்லலாம். இமாம் நவவியின் மின்ஹாஜ் என்ற ஷாஃபி சட்ட நூல் இதன் நடைமுறையையும் விவரமாகச் சொல்கிறது. பையன் தாயைத் தேர்ந்தால் இரவு தாய் வீடு, பகலில் படிப்பும் தொழிலும் கற்பிக்கத் தகப்பனிடம். பெண் தாயைத் தேர்ந்தால் இரவு பகல் இரண்டும் அங்கேயே, தகப்பன் வந்து பார்த்துக்கொள்ளலாம். பையன் தகப்பனைத் தேர்ந்தாலும் தாயைப் பார்க்க விடாமல் தடுக்கக் கூடாது. பிள்ளைக்கு நோய் வந்தால் பராமரிப்பதில் தாய்க்கே முன்னுரிமை. அதாவது ஒருவரைத் தேர்ந்ததால் இன்னொருவர் கதவு சாத்தப்படுவதில்லை. நாங்கள் இதன்படிதான் எழுதினோம். மாப்பிள்ளையின் அத்தாவும் சரி என்றார்.

பிள்ளை யார் மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறாரோ அவரைச் சொல்லாதா என்று கேட்கலாம். சொல்லும்தான். ஹனஃபி ஆலிம்கள் சொல்லும் ஆட்சேபணையும் ஏறக்குறைய அதுவே: சின்னப் பிள்ளை கண்டிப்பவரை விட்டுச் செல்லம் கொடுப்பவரிடம் ஓடும். நியாயமான வாதம். ஆனால் மாற்றிச் சொல்லும் வசதி இருப்பதால் ஒரு நாள் ஆசையோடு விஷயம் முடிந்துவிடாது.

ஷாஃபியில் பலவீனமான இடமும் உண்டு. பெற்றோரில் ஒருவர் ஏதோ வேலையாகப் பயணம் போனால், பிள்ளை ஊரில் இருப்பவரிடமே இருக்கும். ஒருவர் குடியே மாறிப் போகிறார் என்றால், வழியும் போகும் இடமும் பாதுகாப்பாக இருந்தால், தகப்பனுக்கே முன்னுரிமை. வளைகுடா, சிங்கப்பூர் என்று ஆண்கள் போகும் நம் ஊர்களில், அது பயணமா குடிமாற்றமா என்று சண்டை வரும். ஹனஃபியில் இந்த விஷயத்தில் தாய்க்குச் சாதகம்: தலாக்குக்குப் பின் காத்திருக்கும் இத்தா முடிந்ததும், தன் சொந்த ஊரில் நிக்காஹ் நடந்திருந்தால், பிள்ளையை அங்கே அழைத்துப் போகலாம். பெண் வீட்டில் நிக்காஹ் நடக்கும் நம் வழக்கத்துக்கு இது கச்சிதம். அதனால் பிள்ளைகள் கடற்கரை ஊரிலேயே இருக்கும் என்று தனியாக ஒரு வரி சேர்த்தோம்.

பணத்தில் ஹனஃபிதான் தாராளம். மீட்க முடியாத தலாக்கில், கர்ப்பிணி இல்லாத பெண்ணுக்கு ஷாஃபி இத்தாக் காலத்தில் தங்குமிடம் மட்டும் தருகிறது. ஹனஃபி உணவு, உடை, தங்குமிடம் மூன்றும். கர்ப்பிணிக்குப் பிரசவம்வரை செலவு என்பதில் இருவரும் ஒன்று. மாப்பிள்ளை ஹனஃபி என்பதால் இத்தாச் செலவை முழுதாகவே வாங்கினோம்.

மாலிகி, ஹன்பலி நம் பக்கம் நடைமுறையில் இல்லை. நான் படித்ததோடு சரி. மாலிகியில் பையன் பருவமடையும்வரை, பெண் மணமாகிப் போகும்வரை தாயிடம். ஹன்பலியில் பையன் ஏழில் தேர்வு செய்வான், பெண் தகப்பனிடம் போவாள்.

ஒப்பந்தம் எழுதுபவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது பிள்ளைச் செலவின் பாக்கி. மனைவியின் செலவு ஷாஃபியில் பாக்கி விழுந்தால் கடனாக நிற்கும். பிள்ளையின் செலவு அன்றன்றைய தேவைக்கு. நாள் கடந்தால், காஜி கடன் வாங்கிக்கொள்ள அனுமதித்திருந்தால் ஒழிய, பொதுவாகக் கடனாக நிற்காது. மாதம் தவறிக் கொடுக்கும் தகப்பனுக்கு இது வசதியான ஓட்டை. ஆகவே ‘தவறிய மாதத்துச் செலவைத் தாய் செய்தால் அது தகப்பன் பேரில் கடன்’ என்று வெளிப்படையாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நீதிமன்றம் போனால் 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின்படி பிள்ளையின் நலனையே முதலில் பார்ப்பார்கள். ஜமாஅத் ஒப்பந்தம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. அந்தக் கடன் வரியை மட்டும் முத்திரைத் தாளில் தனியாகவும் எழுதி வைத்திருக்கிறோம்.