"அப்பப்போ போவேன் தம்பி": அடுத்து எப்படிக் கேட்பது?

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் எடுத்த வீட்டு சர்வே. கேள்வி இது: "போன ஏழு நாள்ல எத்தனை நாள் கூலி வேலைக்குப் போனீங்க?" ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. அவர் சொன்ன பதில்: "கூப்ட்டா போவேன் தம்பி. அப்பப்போ போறதுதான்." பதிலைப் பதியும் டேப்லெட்டில் 0 முதல் 7 வரை ஏதாவது ஓர் எண்தான் ஏறும். 'அப்பப்போ' ஏறாது.

பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்ப்பது சூப்பர்வைசராக என் வேலை. அந்த இடத்தில் பேட்டி எடுத்த பையன் கேட்டது இப்படிப் பதிவாகியிருந்தது: "அப்ப ஒரு நாலு நாள்னு போட்டுக்கட்டுமாம்மா?" சின்ன இடைவெளி. "ம்... போட்டுக்கப்பா." பேட்டி அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

அந்த நாலு அந்த அம்மாவின் நாலு அல்ல. பையனின் நாலு. மறுநாள் வேறொருவரை அனுப்பி, அதே கேள்வியையே திரும்பக் கேட்க வைத்தேன். அதில் என்ன வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த ஒரு பதிலுக்குப் பின்னால் பேட்டியாளர் முன் எத்தனை வழிகள் இருந்தன, எது எங்கே உதவும், எது எங்கே கெடுக்கும் என்று பார்த்துவிடலாம். களத்தில் இதையெல்லாம் சேர்த்து 'புரோப்' என்கிறோம்.

முதல் வழி, அந்தப் பையன் செய்தது. எடுத்துக் கொடுப்பது. மேடையில் வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுக்கலாம், பேட்டியில் கூடாது. ஆனால் வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் கிடையாது. அதனால்தான் மாலை நாலு மணிக்கு மேல் எடுத்த பேட்டிகளில் இது அடிக்கடி காதில் விழுகிறது. வீடு தேடி வந்து மரியாதையாகப் பேசும் பிள்ளையிடம் "இல்லை, நீ சொல்றது தப்பு" என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. "போட்டுக்கப்பா" என்பது பதில் அல்ல, உபசாரம்.

நம் மொழியில் எடுத்துக் கொடுப்பது ஒட்டாக வந்து ஒட்டிக்கொள்ளும். '-ன்னு போட்டுக்கட்டுமா' வெளிப்படையாகத் தெரியும். 'தானே', 'இல்லீங்களா', 'சரிதானே' தெரியாது. "தினமும் போகலைதானே?" என்று கேட்பவர், தான் நடுநிலையாகக் கேட்டதாகவே நம்புவார். பயிற்சியில் அவரவர் பதிவை அவரவருக்கே போட்டுக் காட்டினால்தான் 'தானே' காதில் விழுகிறது.

இது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. நியூயார்க்கில் வீடற்றவர்களிடம் எடுத்த பேட்டிகளை ஸ்டூவர்ட் ரைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அலசி 1929-இல் வெளியிட்டார். மதுவிலக்கில் தீவிரமான ஒரு பேட்டியாளரின் தாள்களில், இவர்கள் இந்த நிலைக்கு வந்ததற்குக் காரணம் குடி என்றே அதிகம் இருந்தது. சோஷலிஸ்டான இன்னொருவரின் தாள்களில் தொழில் நிலைமைகளே காரணமாக இருந்தன. பேட்டி கொடுத்தவர்கள் தாங்களே சொன்னதாக எழுதப்பட்ட காரணங்களும் அதே பக்கம் சாய்ந்திருந்தன. பொய் எழுத வேண்டும் என்று யாரும் உட்காரவில்லை. கேட்பவரின் கருத்து பதில் சொல்பவரின் வாய்க்குள் போய்விட்டது.

இரண்டாவது வழி, கேள்வியை முழுதாகத் திரும்பப் படிப்பது. பழமையானது, அலுப்பூட்டுவது. ஆனால் நம் அம்மாவின் பதிலுக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். காரணம் அவர் பதிலிலேயே இருக்கிறது. கேள்வி "போனீங்க" என்று நடந்ததைக் கேட்டது. அவர் "போவேன்" என்று வழக்கத்தைச் சொன்னார். போன வாரம் என்ற வரம்பு அவர் காதில் விழவே இல்லை. தமிழில் இந்த 'போவேன், செய்வேன், வாங்குவேன்' வந்தாலே, பதில் கேள்விக்கு வெளியே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு விளக்கம் கேட்டுப் பயனில்லை. கேள்வியையே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இதில் கெட்டுப்போகிற இடம் தொனி. அதே வேகத்தில், அதே குரலில் மறுபடி படித்தால் 'ஒழுங்காப் பதில் சொல்லு' என்று அதட்டுவது போல ஆகிவிடும். "சரிங்கம்மா. இப்ப போன ஏழு நாளை மட்டும் நெனச்சுப் பாருங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டு மெதுவாகப் படித்தால் போதும். அந்த வரி எந்த எண்ணையும் நோக்கித் தள்ளவில்லை.

மூன்றாவது, ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பது. மனசுக்குள் ஐந்து எண்ணுகிற நேரம். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார், வாய் அசைகிறது என்றால் இதைவிடச் சிறந்த புரோப் இல்லை. ஒலிப்பதிவில் நான் கேட்கும் தவறுகளில் பாதி, இந்த ஐந்து எண்ணாததால் வருபவை. ஆனால் தொலைபேசிப் பேட்டியில் இது எடுபடாது. எதிர்முனை "ஹலோ, ஹலோ" என்று ஆரம்பித்துவிடும்.

நான்காவது, பதிலையே பிடித்துக்கொண்டு கேட்பது: "அப்பப்போன்னா எப்படிம்மா? கொஞ்சம் சொல்லுங்க." 'இந்த ஊரில் பெரிய பிரச்சனை என்ன' போன்ற திறந்த கேள்விகளுக்கு இதுதான் முதல் கருவி. "தண்ணி" என்று ஒற்றைச் சொல் வந்தால், குடிநீர் வராததா, பாசனமா, மழையில் தெருவில் தேங்குவதா என்று நாமாக அடுக்கக் கூடாது. "தண்ணின்னு சொன்னீங்களே, அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றால் அவராகவே சொல்லிவிடுவார். 'ஏன்' என்ற சொல்லை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். "ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்றதும், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பதிலை மாற்றுகிறவர்கள் நிறைய.

எண் கேட்கும் கேள்வியில் "ரெண்டு மூணு நாள் இருக்கும்" என்று வந்தால் வேறு கணக்கு. "ரெண்டா மூணா, எது சரியா இருக்கும்?" என்று கேட்கலாம், ஏனென்றால் இரண்டு எண்ணும் அவர் வாயிலிருந்து வந்தவை. "நாலு இருக்காதா?" என்பது நம் வாயிலிருந்து வந்தது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவர் பெரும்பாலான இடங்களில் தப்பு செய்ய மாட்டார்.

இனி உண்மையிலேயே வாதம் நடக்கிற இடத்துக்கு வருவோம். ரேஷன் கடை பற்றிக் கேட்கிறோம். மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, ஓரளவு அதிருப்தி, மிகவும் அதிருப்தி என நான்கு விடைகள். வருகிற பதில், "பரவால்ல". சில பேட்டியாளர்கள் இதைக் கேட்டதும் 'ஓரளவு திருப்தி'யை அழுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் கவனமானவர்கள் பட்டியலைச் சுருக்குகிறார்கள்: "அப்ப மிகவும் திருப்தியா, ஓரளவு திருப்தியா?" நேரம் மிச்சம், பதில் சொல்பவருக்கும் அலுப்பில்லை என்பது இவர்கள் வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. "ரொம்பத் திருப்தி" என்றோ "திருப்திதான்" என்றோ வந்திருந்தால் யோசிக்கலாம். 'பரவால்ல' அப்படிப்பட்ட சொல் அல்ல. நன்றாக இருக்கிறது என்றும் பொருள், சகித்துக்கொள்கிறேன் என்றும் பொருள். பாதிப் பட்டியலைக் காட்டும்போது, சகித்துக்கொள்கிறவருக்குப் போக வேண்டிய கதவை நாமே சாத்திவிடுகிறோம். நான்கையும் திரும்பப் படிக்க ஏழெட்டு வினாடி ஆகும். ஆகட்டும்.

இன்னொரு வாதம் இதைவிடப் பெரியது. நடுநிலை என்ற பெயரில் விளக்கமே சொல்லாமல் இருப்பது சரியா? "அரை நாள் போனா கணக்கா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டால், "நீங்க எப்படி நெனைக்கிறீங்களோ அப்படி எடுத்துக்கங்க" என்று சொல்லச் சொல்கிறது கட்டுப்பாடான முறை. மைக்கேல் ஷோபர், ஃபிரெடரிக் கான்ராட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1997-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். சரியான விடை முன்கூட்டியே தெரிந்த கற்பனைச் சூழல்களைக் கொடுத்துப் பதில் வாங்கினார்கள். சூழல் எளிதாக இருந்தபோது கட்டுப்பாடான முறை, விளக்கம் சொல்லும் முறை இரண்டிலும் ஏறத்தாழ எல்லாமே சரியாக வந்தன. சூழல் சிக்கலானபோது கட்டுப்பாடான முறையில் பாதிகூடத் தேறவில்லை. விளக்கம் சொல்ல அனுமதித்த முறையில் பெரும்பாலானவை சரியாக வந்தன. விலை, நேரம்: விளக்கம் சொன்ன பேட்டிகள் மும்மடங்குக்கு மேல் நீண்டன.

என் நிலைப்பாடு இது. அரை நாள் ஒரு நாளா என்பது கருத்து அல்ல, வரையறை. கையேட்டில் எழுதியிருக்கிற வரையறையை எழுதியபடியே சொல்வது எடுத்துக் கொடுப்பதாகாது. திருப்தியா இல்லையா என்பது அவர் மனசு; அங்கே நான் சொல்லும் எந்த விளக்கமும் கலப்படம். ஒரே பேட்டியில் இந்த இரண்டு விதக் கேள்வியும் மாறி மாறி வரும் என்பதால், எந்தக் கேள்வியில் விளக்கம் சொல்லலாம் என்று கேள்வித்தாளிலேயே குறித்துத் தர வேண்டும். பேட்டியாளரின் அந்நேரத்து முடிவுக்கு விட்டால் ஆளுக்கொரு விளக்கம் வந்துவிடும்.

ஆளுக்கொரு விதம் வந்தால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே ஆள் எடுத்த பேட்டிகளின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு வெறும் 0.02 என்று வையுங்கள். ஒவ்வொருவரும் 51 வீடு எடுத்திருக்கிறார்கள். ஒரு பேட்டி போக மீதி 50-ஐ அந்த அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 1 + 50 × 0.02 = 2. மதிப்பீட்டின் மாறுபாடு இரண்டு மடங்கு. அதாவது அந்தக் கேள்வியைப் பொறுத்தவரை 1,000 பேட்டிக்குச் செலவு செய்துவிட்டு 500 பேட்டியின் துல்லியத்தைத்தான் வாங்குகிறோம். டேப்லெட்டில் இது பிழையாகத் தெரியாது. பேட்டியாளர் வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பையனின் பேட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது வேலை நாள் கேள்வியில் நாலும் ஐந்தும் குவிந்திருந்தன. பூஜ்யம் ஒன்றுகூட இல்லை. அதே கிராமத்தில் மற்றவர்களுக்குப் பூஜ்யம் வந்திருந்தது.

இனி மறுநாள் போன பெண்ணின் பதிவு.

"போன ஏழு நாள்ல எத்தனை நாள் கூலி வேலைக்குப் போனீங்கம்மா?"

"அதான் நேத்தே தம்பி கேட்டுட்டுப் போனாரே. அப்பப்போ போவேம்மா."

"சரிங்கம்மா. இப்ப போன ஏழு நாளை மட்டும் நெனச்சுப் பாருங்க. அந்த ஏழு நாள்ல எத்தனை நாள் கூலி வேலைக்குப் போனீங்க?"

நீண்ட அமைதி. பின்னால் ஆடு கத்துகிறது.

"நடவுக்கு ஒரு நாள். களை எடுக்க ஒரு நாள், அது மத்தியானம் வரைக்கும்தான். அப்புறம் தங்கச்சி நெலத்துல ஒரு நாள், அதுக்குக் கூலி இல்ல. இதுல எதைம்மா சொல்றது?"

அவள் கையேட்டு வரியைப் படித்தாள்: "பணமாகவோ பொருளாகவோ கூலி வாங்கிய வேலை. அரை நாளும் அதற்கு மேலும் ஒரு நாளாகக் கணக்கு."

"அப்ப ரெண்டு."

மூன்று வரி, நாற்பது வினாடி. நாலு ரெண்டானது. தங்கை நிலத்தில் செய்த அந்த ஒரு நாளுக்கு எங்கள் கேள்வித்தாளில் இடமே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த சுற்றில் அதற்குத் தனிக் கேள்வி சேர்த்தோம்.