விதைப்பூண்டு வரவில்லை, கூப்பன் வந்தது

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. ஐப்பசியில் நடுவதற்காகக் கொடைக்கானல் மலைப்பூண்டில் 4 கிலோ விதைப்பூண்டு கேட்டு, இணையத்தில் விற்கும் ஒருவருக்குப் பணம் அனுப்பினேன். கிலோ 400 ரூபாய், கூரியர் 180, ஆக மொத்தம் 1,780. பாத்தியும் கட்டியாயிற்று. ஒன்பதாம் நாள் இந்தச் செய்தி வந்தது:

"அன்புள்ள வாடிக்கையாளரே, எதிர்பாராத காரணங்களால் இருப்பு இல்லை. வருந்துகிறோம். உங்கள் நல்லெண்ணத்தை மதித்து 1,600 ரூபாய்க்கான கூப்பனும் 10 சதவீதத் தள்ளுபடியும் வழங்குகிறோம். 30 நாள்களுக்குள் பயன்படுத்தவும்."

முதல் வாசிப்பில் தாராளமாகத்தான் தெரிந்தது. மறுபடி படித்தபோதுதான் புரிந்தது: கூப்பனில் இருப்பது என் பணமேதான்! அதிலும் கூரியர் காசு 180 காணாமல் போயிருந்தது. திருப்பித் தர வேண்டிய பணத்தையே சலுகை என்று பெயர் மாற்றி, அதற்கு ஒரு கெடுவும் வைத்திருந்தார்கள். அன்று மாலை என் தங்கை மகன் வேறு எண்ணிலிருந்து விசாரித்தான். சரக்கு இருக்கிறதாம், கிலோ 550 ஆம். இருப்பு தீரவில்லை, விலைதான் ஏறியிருந்தது.

கோபத்தில் திட்டி எழுதாமல், அவர்கள் எழுதியிருக்க வேண்டிய மன்னிப்பை நானே எழுதி அவர்களுக்கு அனுப்பினேன். (முன்பு குன்னூரில் ஒரு கடையில் கணக்கு எழுதிய பழக்கம், விடவில்லை.)

"அம்மா, நீங்கள் கேட்ட 4 கிலோ விதைப்பூண்டை எங்களால் தர முடியவில்லை. இருப்பைச் சரிபார்க்காமல் பணம் வாங்கியது எங்கள் தவறு. கூரியர் உட்பட 1,780 ரூபாயை நீங்கள் அனுப்பிய கணக்குக்கே இன்று திருப்பியிருக்கிறோம். பரிவர்த்தனை எண் கீழே இருக்கிறது. இது தவிர, அடுத்த சரக்கு வந்ததும் இதே 4 கிலோவைப் பழைய 400 ரூபாய் விலையிலேயே, கூரியர் செலவு எங்களுடையதாக அனுப்புகிறோம். வேண்டாம் என்றாலும் பணம் வந்து சேரும்."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் மற்றதெல்லாம். பணம் திரும்புவதற்கும் அடுத்து வாங்குவதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. ஈடும் பட்ட நட்டத்தின் அளவில் இருந்தால் போதும். எனக்கு நட்டம் விலை ஏற்றமும் இன்னொரு கூரியர் செலவும்தான். அதற்குமேல் அள்ளித் தருவதாக யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகமே வரும்.

"பணம் அனுப்பிவிட்டோம்" என்று மட்டும் எழுதினால் நம்ப வேண்டாம். யுபிஐ பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க எண்ணைக் கேளுங்கள், அதை வைத்து வங்கியில் தேடலாம். பணம் பெற ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னால் அது திருட்டு. பணம் வாங்க அந்த எண் தேவையே இல்லை.

என் செய்திக்கு மூன்று நாள் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியப் போகிறேன் என்று எழுதிய மறுநாள் 1,780 ரூபாயும் கணக்கில் வந்தது. மன்னிப்பு வரவில்லை, பழைய விலையும் வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் 2 கிலோ கடன் வாங்கிப் பாதிப் பாத்தியில் மட்டும் பல் ஊன்றியிருக்கிறேன்.