ஓடி கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்களே, ஸ்டேட்மென்ட்டில் இரண்டாவது தேதியைப் பாருங்கள்

லிமிட்டைத் தாண்டவே இல்லை, ஆனால் தாண்டியதற்குக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். நவம்பர் மாத ஸ்டேட்மென்ட்டில் `TOD CHRG` என்று ஒரு வரி, 500 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 90, ஆக 590. ஓடி என்றால் ஓவர்டிராஃப்ட், ஒரு லிமிட் வரை வங்கியிடம் எடுத்துப் புழங்கும் கடன், அதில் பேலன்ஸ் என்பது நாம் எடுத்திருக்கும் தொகை. எனக்கு லிமிட் 10 லட்சம். அந்த மாதம் முழுக்க பேலன்ஸ் காலத்தை மேலிருந்து கீழ் வரை விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு இடத்தில்கூட 10 லட்சத்தைத் தொடவில்லை. அப்புறம் எதற்கு இந்த 590?

பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வங்கி பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது எந்த வங்கியிலும் நடக்கக்கூடியது. நடந்தால் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு வரவுக்கோ பற்றுக்கோ மூன்று தேதிகள் உண்டு. சமாச்சாரம் நடந்த நாள், அதாவது செக் போட்ட நாள், கார்டு தேய்த்த நாள், அது டிரான்சாக்ஷன் டேட். வங்கி அதைத் தன் கணக்கில் எழுதிய நாள் போஸ்டிங் டேட். அந்தப் பணம் எந்த நாளிலிருந்து வட்டிக் கணக்கில் சேருகிறதோ அது வேல்யூ டேட். ஸ்டேட்மென்ட்டில் பெரும்பாலும் இரண்டு காலம்தான் இருக்கும், `Txn Date` அல்லது `Post Date` ஒன்று, `Value Date` ஒன்று. பல பாஸ்புக்குகளில் ஒரே ஒரு தேதிதான் அச்சாகும், அது வேல்யூ டேட்டாக இருப்பது அபூர்வம். நாம் எல்லோரும் பார்ப்பது முதல் காலத்தையும் கடைசி காலத்தையும்தான். அந்தக் கடைசி காலத்தில் ஓடுகிற பேலன்ஸ் பதிவான வரிசைப்படி ஓடுவது. வட்டி போடுவதோ வேல்யூ டேட் படி. ஒரே கணக்குக்கு இப்படி இரண்டு பேலன்ஸ் இருக்கிறது, நமக்குக் காட்டுவது ஒன்று, காசு பிடிப்பது இன்னொன்றை வைத்து.

இனி என் கணக்கில் நடந்தது. நவம்பர் 13, 2025, வியாழன் இரவு, ஓடியில் 9,60,000 எடுத்திருந்தேன். மறுநாள் வெள்ளி காலை, கான்ட்ராக்டர் ஒருவர் கொடுத்த 3,00,000 ரூபாய் செக்கை கவுன்டரில் கொடுத்து சீல் வாங்கினேன். அன்று மாலையே வரவு வந்துவிட்டது, பேலன்ஸ் 6,60,000 என்று காட்டியது. சனிக்கிழமை நான் டீலருக்குக் கொடுத்திருந்த 1,80,000 ரூபாய் செக் வந்து பாஸ் ஆனது, பேலன்ஸ் 8,40,000. லிமிட்டுக்கு இன்னும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இடம் இருக்கிறது. இதுதான் நான் பார்த்த படம்.

இப்போது அதே மூன்று வரிகளை `Value Date` காலத்தை வைத்துப் படியுங்கள். 3 லட்சம் வரவுக்கு எதிரே 17 நவம்பர், திங்கள் என்று இருந்தது. டீலர் செக்குக்கு எதிரே 15, சனி. ஆக வங்கியின் வட்டிக் கணக்கில் வெள்ளி இரவு நான் எடுத்திருந்தது 9,60,000, சனி இரவு 11,40,000, ஞாயிறும் 11,40,000, திங்கள்தான் 8,40,000. இரண்டு நாள் லிமிட்டை 1,40,000 தாண்டியிருக்கிறேனாம். அதற்குத்தான் அந்த 590. அது போக, வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாளும் 3 லட்சத்துக்கு 11 சதவீதத்தில் கூடுதல் வட்டி 271 ரூபாய். மொத்தம் 861.

எனக்குக் கோபம் வந்தது தொகையால் இல்லை. எனக்கு வரவேண்டிய பணத்துக்கு சனிக்கிழமை லீவு, நான் கொடுக்க வேண்டிய பணத்துக்கு அதே சனிக்கிழமை வேலை நாள். அது மூன்றாவது சனி, வங்கிக்கு விடுமுறையே கிடையாது.

கிளைக்குப் போய்க் கேட்டேன். ஆபீசர் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "சார், கிளியரிங் வரவுக்கு சிஸ்டம்தான் தேதி போடும், நாங்க கை வைக்க முடியாது" என்றார். "பேலன்ஸ் எட்டு லட்சத்து நாப்பதுன்னு நீங்கதானே சார் காட்டுனீங்க?" என்று கேட்டதற்கு, "அது லெட்ஜர் பேலன்ஸ் சார், எஃபெக்டிவ் பேலன்ஸ் வேற" என்றார். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்லவில்லை. மேனேஜரிடம் போனபோது, "590ஐ வேணும்னா ரிவர்ஸ் பண்ணித் தரேன், விட்ருங்க சார்" என்றார். இங்கேதான் பலரும் சந்தோஷமாக எழுந்து வந்துவிடுவார்கள். அந்த 590ஐத் திருப்பிக் கொடுத்தால் அது சலுகை. வேல்யூ டேட் அப்படியே இருக்கும், வட்டி அப்படியே இருக்கும், அந்த இரண்டு நாள் லிமிட் தாண்டியதாகப் பதிவும் அப்படியே இருக்கும். ஓடியைப் புதுப்பிக்கப் போகும்போது கணக்கை எப்படி நடத்தினீர்கள் என்று அந்தப் பதிவைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

அதனால் செக் கொடுத்த கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க கணக்குல அந்த மூணு லட்சம் என்னைக்குக் கழிஞ்சதுன்னு ஒரு படம் அனுப்புங்க, மத்த வரியெல்லாம் மறைச்சிடுங்க" என்று கேட்டேன். வாட்ஸப்பில் வந்தது. இரண்டு காலத்திலும் 14 நவம்பர், வெள்ளி. அதாவது வெள்ளியன்றே பணம் அவர் கணக்கிலிருந்து கிளம்பிவிட்டது, அவரிடமும் இல்லை, என் கணக்கில் எழுதியிருந்தும் திங்கள் வரை கணக்கில் சேரவில்லை. இந்த ஒரு படம்தான் என் கையில் இருந்த பலமான ஆதாரம். செக் தகராறு என்றால் முதலில் இதை வாங்குங்கள்.

இப்படித் தள்ளித் தேதி போடுவதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் செக்குகளை மொத்தமாக அனுப்புவார்கள், திரும்புகிறதா இல்லையா என்பது மறுநாள்தான் தெரியும். அதுவரை வங்கி அந்தப் பணத்துக்கு வட்டிப் பலன் தராமல் இருந்தது சரி. ஆனால் 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி முறையை மாற்றிவிட்டது. அந்த நவம்பரில் இருந்த நேரப்படி காலை 10 முதல் மாலை 4 வரை ஸ்கேன் செய்யச் செய்ய செக் போய்க்கொண்டே இருக்கும், செக் கொடுத்தவரின் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சரி என்றே எடுத்துக்கொள்ளப்படும். அப்படியிருக்க வெள்ளி காலை கொடுத்த செக்குக்குத் திங்கள் வேல்யூ டேட் எங்கிருந்து வருகிறது? பழைய முறைப்படி பார்த்தாலும் சனிக்கிழமைதான் வந்திருக்க வேண்டும்.

இரண்டு தேதியும் வேறுபட்டாலே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கணக்கில் வரவு வைத்த செக் பின்னால் திரும்பினால், அந்த வரவை ரத்து செய்யும்போது முதலில் கொடுத்த அதே வேல்யூ டேட்டைப் போடுவார்கள். இல்லாத பணத்துக்கு வட்டிப் பலன் இல்லை, அது நியாயம். மாதக் கடைசி வட்டியை அடுத்த மாதம் 1 அல்லது 2ஆம் தேதி பதிவு செய்து, 30ஆம் தேதி வேல்யூ டேட் கொடுப்பதும் வழக்கம். சந்தேகப்பட வேண்டியது வரவுகள் மட்டும் தள்ளித் தள்ளிப் போகிற கணக்கைத்தான். சேமிப்புக் கணக்குக்கும் இது பொருந்தும், 2010 ஏப்ரலில் இருந்து அதற்கும் தினசரி பேலன்ஸ் மேல்தான் வட்டி, ஆனால் அங்கே வட்டி விகிதம் குறைவு, லிமிட் தாண்டும் கட்டணமும் இல்லை என்பதால் அடி அவ்வளவாகத் தெரியாது.

சரிபார்ப்பது பெரிய வித்தை இல்லை. நெட்பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட்டை எக்ஸலாக இறக்குங்கள். `Value Date` காலத்தை வைத்து வரிசையை மாற்றுங்கள். பழைய பேலன்ஸ் காலத்தை நம்பாதீர்கள், வரிசை மாறியதும் அது அர்த்தமற்றதாகிவிடும், புதிதாகக் கூட்டிக் கழித்து ஒவ்வொரு நாள் இரவும் எவ்வளவு எடுத்திருந்தீர்கள் என்று மாதத்தின் 30 நாளுக்கும் `F` காலத்தில் இரண்டாவது வரியிலிருந்து எழுதுங்கள். பரிமாற்றமே இல்லாத ஞாயிறையும் விட்டுவிடாதீர்கள், அன்றும் வட்டி ஓடுகிறது. பிறகு கீழே இதைப் போடுங்கள் (என் விகிதம் 11, உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள், விகிதம் மாத நடுவில் மாறியிருந்தால் இரண்டாகப் பிரிக்க வேண்டும்):

```
=SUM(F2:F31)*11/36500
```

வருகிற தொகை வங்கி பிடித்த வட்டியோடு ஏறக்குறைய ஒத்துப்போனால், வங்கி வேல்யூ டேட் படிதான் போட்டிருக்கிறது என்று உறுதியாகிவிடும். அப்புறம் தள்ளிப்போன வரவுகளுக்கு மட்டும் சரியான தேதியைப் போட்டு இன்னொரு முறை கூட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களிடமிருந்து கூடுதலாகப் போனது. ஒரு செக்குக்கு 271 என்றால் டீக்கடை பாக்கி போலத்தான் தெரியும். ஆனால் மாதம் நான்கு வெள்ளிக்கிழமையும் இதே அளவு செக் போட்டால் வருடத்துக்கு 13,000 ரூபாய் தாண்டும்.

புகாரை எழுத்தில் கொடுங்கள், வாயால் கேட்டால் "சிஸ்டம் சார்" என்ற பதிலோடு முடிந்துவிடும். "கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும்" என்று எழுதாதீர்கள். நான் எழுதியது: இந்த எண் செக்குக்கு 14-11-2025 வேல்யூ டேட் கொடுத்து, நவம்பர் மாத வட்டியை மறுகணக்கிட்டு, அந்தத் தேதியில் லிமிட் தாண்டாததால் TOD கட்டணத்தையும் பதிவையும் நீக்கவும். கூடவே செக் கொடுத்தவர் கணக்கின் படம், கவுன்டர் சீல் உள்ள சீட்டு, அந்த வங்கியின் செக் வசூல் கொள்கையில் இருந்து தாமதத்துக்கு இழப்பீடு பற்றிய பக்கம். இந்தக் கொள்கையை வங்கிகள் தங்கள் தளத்தில் போட்டு வைத்திருக்கும். பணம் ஓடி கணக்குக்கு வர வேண்டியதாக இருந்தால் கடன் வட்டி விகிதத்திலேயே இழப்பீடு என்று பல வங்கிகளின் கொள்கையில் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

எனக்கு அந்தளவுக்குப் போக வேண்டி வரவில்லை. கடிதம் மேலே போனதும் தேதியைத் திருத்தி, 590ஐயும் 271ஐயும் திருப்பி வரவு வைத்தார்கள். ஆனால் சிஸ்டம் போட்டது என்றால் எனக்கு மட்டும் போட்டிருக்காது, அந்தக் கிளையில் அன்று செக் போட்ட மற்றவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்டோபர் மாத வரவுகளிலும் இதே போல சில தள்ளிப்போயிருப்பதைப் பட்டியல் போட்டு இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் இல்லை. அதுவரை வெள்ளிக்கிழமை பெரிய தொகை தருகிறவர்களிடம் செக் வாங்குவதில்லை, நெஃப்ட் போடச் சொல்கிறேன், அது 2019 டிசம்பரில் இருந்து ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஓடுகிறது. அப்படி வந்ததற்கும் இரண்டாவது தேதியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த செக்கில் கையெழுத்துப் போடுகிறேன்.