ஸ்டெப்ட் வெட்ஜ் ஆய்வுக்கு எத்தனை டிவிசன் வேண்டும்: இரண்டு கணக்குகள்

நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில், பெரட்டுக்களத்திலேயே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் இரத்தசோகை குறையுமா என்று பார்க்க ஓர் ஆய்வு திட்டமிட்டோம். ஒவ்வொரு டிவிசனும் ஒரு கொத்தணி. நான்கு கட்டங்களாக எல்லா டிவிசன்களும் மாத்திரைக்கு மாறும்; இப்படிப் படிப்படியாக மாற்றுவதே ஸ்டெப்ட் வெட்ஜ். தொடக்கத்தையும் சேர்த்து ஐந்து சுற்று அளவீடு. சுற்றுக்கு டிவிசனுக்கு 40 பெண்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிவு செய்யப்படுவோர்.

முதல் கணக்கு ஹஸ்ஸி, ஹியூஸ் இருவரும் 2007இல் தந்தது. ஐசிசி என்ற ஒரே எண் போதும். ஒரே டிவிசனில் இருவர் எவ்வளவு ஒத்திருப்பார்கள் என்பதை அது சொல்கிறது. அந்த இருவரையும் ஒரே மாதத்தில் அளந்தாலும் ஆறு மாத இடைவெளியில் அளந்தாலும் ஒற்றுமை மாறாது என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. எளிமைதான் இதன் பலம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஹூப்பரும் சகாக்களும் 2016இல் தந்த இரண்டாவது கணக்கை. மலையகத்தில் ஒரு டிவிசன் ஆண்டு முழுக்க ஒரே நிலையில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில் வேலை நாட்கள் மாறும், மருத்துவமாது மாற்றலாகிப் போவார், பங்கீடு தாமதிக்கும். அதனால் காலம் கடந்த ஒற்றுமை குறையும். எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே π. அது 1 ஆனால் பழைய கணக்கே திரும்ப வரும்.

```
D = 1 + (m−1)ρ
r = mρπ / D
I = (N·D/m) · 3K(1−r)(1+Kr) / ((K²−1)(2+Kr))
```

இதில் I கொத்தணிகளின் எண்ணிக்கை, m சுற்றுக்கு ஒரு கொத்தணியில் அளக்கப்படுவோர், ρ ஐசிசி, K கட்டங்கள். N என்பது கொத்தணியாக அல்லாமல் ஆளாளாகப் பிரிக்கும் ஆய்வுக்குத் தேவையான மொத்தம். இரத்தசோகை 40%இலிருந்து 30% ஆகும் என்று வைத்து, அந்தக் குறைவைக் கண்டுபிடிக்க 80% வாய்ப்பு, அதாவது 80% திறன் கேட்டால் N ஏறத்தாழ 708. ρ = 0.05 என்க. π = 1 என்றால் 10.6 டிவிசன் வரும். நான்கால் வகுபட வேண்டியதால் 12. π = 0.8 என்றால் 14.5, அதாவது 16. முதல் கணக்கை நம்பி 12 டிவிசனோடு இறங்கினால் 85% திறன் இருப்பதாகத் தோன்றும். π உண்மையில் 0.8 ஆனால் கிடைப்பது 72%தான். வித்தியாசம் எப்போதும் இப்படி இருக்காது. சுற்றுக்கு 20 பெண்கள் மட்டும் என்றால் இரண்டு வழியிலும் 24 டிவிசனே வரும். ஆட்கள் கூடக் கூடத்தான் இடைவெளி விரியும்.

π எங்கிருந்து வரும்? எங்களுக்குத் தடுமாற்றம் இங்கேதான். கிளினிக் பதிவேட்டின் பழைய ஹீமோகுளோபின் அளவுகளை எடுத்து, டிவிசனுக்கிடையிலான மாறுபாட்டை, அதோடு டிவிசனுக்குள் மாதத்துக்கு மாதம் வரும் மாறுபாட்டையும் கூட்டிய மொத்தத்தால் வகுக்கலாம். சில டிவிசன்களின் தரவிலிருந்து வரும் எண் ஆட்டங்காணும். ஆகவே 0.6 முதல் 0.95 வரை ஓட்டிப் பாருங்கள். கொத்தணிகள் குறைவென்றால் இந்தச் சூத்திரமே சற்று மிகையாக நம்பிக்கை தரும், சிறுமாதிரித் திருத்தத்துக்கும் இடம் விடுங்கள்.

12 டிவிசனுக்கு மேல் அனுமதி கிடைக்காவிட்டால் சுற்றுக்கு 60 பெண்கள் எடுத்து 82% எட்டலாம். ஆனால் மொத்தம் 3,600 பேரை அளக்க வேண்டும். 16 டிவிசன் வழியில் 3,200 பேரோடு 84% கிடைக்கிறது.