வெறும் வயிற்றுப் பாணியும் சாப்பாட்டுப் பாணியும்

என் மகனுக்கு ஏழு வயது. கிரிக்கெட் விளையாடி முழங்காலில் பட்ட காயம் சீழ் பிடித்ததால் டொக்டர் ஃபுளுகுளொக்சசிலின் என்ற அன்டிபயோட்டிக் பாணி எழுதித் தந்தார். ஒரு நாளுக்கு நான்கு வேளை, வெறும் வயிற்றில். இரண்டு நாள் கழித்து அதை நிறுத்தி, கோ-அமோக்சிக்லாவ் எழுதிக்கொடுத்தார். இது சாப்பாட்டோடு, ஒரு நாளுக்கு இரண்டு வேளை. ஒரே காயத்துக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டில் நடத்தக்கூடியது இரண்டாவதுதான்.

இரண்டும் பென்சிலின் வகை. பென்சிலின் ஒவ்வாத பிள்ளைக்கு இரண்டுமே ஆகாது. இரண்டையும் தூளில் கொதித்தாறிய நீர் விட்டுக் கலக்கிக் குளிர்சாதனப்பெட்டியில் வைக்க வேண்டும். எங்கள் போத்தல்கள் இரண்டிலுமே ஏழு நாள் கெடு எழுதியிருந்தது.

வித்தியாசம் வயிற்றில் இருக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஃபுளுகுளொக்சசிலின் இரத்தத்தில் சேருவது தாமதமாகும், அளவும் குறையும். அதனால்தான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னர் அல்லது இரண்டு மணி நேரம் பின்னர் என்கிறார்கள். கோ-அமோக்சிக்லாவில் அமோக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலமும் உண்டு. வயிற்றைப் புரட்டி வயிற்றோட்டத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த அமிலம்தான். சாப்பிடத் தொடங்கும்போது கொடுத்தால் அது நன்றாக உறிஞ்சப்படும், புரட்டலும் குறையும். முதல் வாய் இடியப்பத்துக்கு முன்னர் மருந்து, பிறகு சொதி. அவ்வளவுதான்.

ஃபுளுகுளொக்சசிலினுக்கு நான் போட்ட அட்டவணையைப் பாருங்கள். காலை 5.45க்கு எழுப்பி மருந்து, 6.45க்குப் புட்டு, பிறகு பள்ளிக்கூடம். இடைவேளையில் சிற்றுண்டி சாப்பிடுவான், அதனால் அடுத்த வேளை வீடு வந்ததும் 1.45க்கு. சோறு 2.45க்கு. மூன்றாவது வேளை 6.30க்கு, இரவுச் சாப்பாடு 7.30க்கு. நான்காவது வேளை 9.45க்கு, தூங்குகிறவனை எழுப்பி. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் முதல் நாளே மாலை ஆறு மணிக்கு அம்மம்மா பிள்ளை பசியில் வாடுகிறான் என்று பாலும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டார். 6.30 வேளை எட்டரைக்குப் போனது, இரவுச் சாப்பாடு அதற்குப் பின்னால் போனது, பிள்ளை சாப்பிடாமலே தூங்கிவிட்டான். கடைசி வேளையும் போயிற்று. மறுநாள் பள்ளிவிட்டு வரும் வழியில் பேரப்பா வாங்கிக்கொடுத்த பணிஸ். இரண்டு நாளில் கொடுத்திருக்க வேண்டியது எட்டு வேளை, கொடுத்தது ஐந்து.

கொடுக்காமல் விட்டதுதான் என் தவறு. பிறகு பாமசியில் கேட்டபோது அங்கிருந்தவர் தலையில் அடிக்காத குறையாகச் சொன்னார்: “பிள்ளை சாப்பிட்டுவிட்டான் என்பதற்காக வேளையை விடாதீர்கள், அம்மா. கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள்.” இதை முதலிலேயே தெரிந்திருந்தால் மருந்தை மாற்ற வேண்டி வந்திருக்காது. மூன்றாம் நாள் காயத்தைச் சுற்றிச் சிவப்பு அகலமானதைப் பார்த்துத்தான் டொக்டரிடம் ஓடினேன். விட்ட வேளைகளை மறைக்காமல் சொன்னதால்தான் அவர் சாப்பாட்டோடு கொடுக்கக்கூடிய மருந்துக்கு மாற்றினார். இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்றே நினைத்திருப்பார்.

கோ-அமோக்சிக்லாவை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். அது பரந்த அளவில் கிருமிகளைத் தாக்குவது. தோல் காயத்துக்கு முதல் மருந்தே போதும் என்று டொக்டரும் சொன்னார். சாப்பாட்டோடு கொடுத்தும் என் மகனுக்கு நான்காம் நாள் இளகிப் போயிற்று, பிறகு நின்றுவிட்டது. ஒருமுறை சத்தியும் எடுத்தான். மருந்து கொடுத்து அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் அதே அளவைத் திரும்பக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் எடுத்தது பத்து நிமிடத்தில், அதனால் திரும்பக் கொடுத்தேன்.

மற்ற அன்டிபயோட்டிக் மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமோக்சிசிலினுக்கும் செஃபலெக்சினுக்கும் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது. செஃபுரோக்சிம் பாணி சாப்பாட்டோடுதான் நன்றாகச் சேரும். பென்சிலின் வி வெறும் வயிற்றுக்காரர். மெட்ரோனிடசோலை எங்கள் வீட்டில் கொடுத்ததில்லை, ஆனாலும் அதன் விசித்திரத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை: மாத்திரை என்றால் சாப்பாட்டோடு, பாணி என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னர். மூத்த பிள்ளையின் மாத்திரைக்குச் சொன்னதை இளையவனின் பாணிக்கும் பொருத்திவிட வேண்டாம்.

இப்போது பாமசியில் போத்தலைக் கையில் வாங்கியதும் விலைக்கு முன்னர் ஒன்று கேட்கிறேன்: சோற்றுக்கு முன்னரா, சோற்றோடா? பதிலை எழுதிக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில், அம்மம்மாவின் கண் மட்டத்தில் ஒட்டிவிடுகிறேன்.